நம்பர் வந்துவிட்டது, பார்சல் புறப்பட்டதா?

கேள்வி: இன்ஸ்டாகிராமில் புடவை விற்கும் இளம்பிள்ளைக்காரர் ஒருவரிடம் நான்கு புடவைகள் எடுத்தேன். வெள்ளிக்கிழமை மாலை 6,800 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். சனிக்கிழமை மதியம், "டிஸ்பேட்ச் ஆயிடுச்சு சிஸ்டர்" என்று ஒரு ட்ராக்கிங் நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டார். இன்று வியாழன். கூரியர் தளத்தில் அந்த நம்பரைப் போட்டால் இன்னமும் "No data found" என்றுதான் வருகிறது. கூரியர் ஆபீசுக்கு போன் செய்தால், "அனுப்பியவரைக் கேளுங்கள்" என்கிறார்கள். அனுப்பியவரோ, "கூரியர்ல கேளுங்க சிஸ்டர்" என்கிறார். மாமனாரின் அறுபதாம் கல்யாணம் இம்மாதக் கடைசியில். இன்னும் எத்தனை நாள் காத்திருப்பது? யார் மேல் புகார் கொடுப்பது?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: காத்திருக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது, சகோதரி. பதில் சொல்ல வேண்டியவர் கூரியர்காரர் இல்லை, விற்றவர்தான்.

ட்ராக்கிங் நம்பர் கையில் இருப்பதால் பார்சல் கிளம்பிவிட்டது என்று அர்த்தமில்லை. தொடர்ந்து பார்சல் அனுப்பும் வியாபாரிகள், கூரியர் கொடுத்துவைத்த ஸ்டிக்கர்களிலிருந்தோ ஆன்லைனிலோ முதலில் நம்பரை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் புடவையை மடித்து, கவரில் போட்டு, லேபிள் ஒட்டுவார்கள். கூரியர் பையன் வந்து எடுத்துப்போய், கிளையிலோ ஹப்பிலோ லேபிளை ஸ்கேன் செய்யும்போதுதான் அந்த நம்பர் தளத்தில் உயிர் பெறும். அதுவரை அது வெறும் எண்தான்.

இந்த முதல் ஸ்கேன் சட்டத்துக்கும் முக்கியம். 1930ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விற்றவர் சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்துவிட்டால், மறுப்பதற்கு வேறு காரணம் இல்லாதவரை, வாங்கியவருக்கே ஒப்படைத்ததாகக் கொள்ளும். உங்கள் விற்பனையாளர் "நான் அனுப்பிட்டேன்" என்று சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ இந்தப் பிரிவின் நிழலில்தான் ஒதுங்குகிறார். ஆனால் ஒப்படைத்தேன் என்பதை அவர்தான் காட்ட வேண்டும். ஸ்கேனும் இல்லை, புக்கிங் ரசீதும் இல்லை என்றால் சரக்கு இன்னும் அவர் கடையில் இருப்பதாகத்தான் உங்கள் வழக்கறிஞர் வாதாடுவார். கூரியர்காரர் கைவிரித்ததிலும் தப்பில்லை. தன் கைக்கு வந்ததாகப் பதிவே இல்லாத பார்சலுக்கு அவர் எப்படிப் பொறுப்பேற்பார்?

எத்தனை நாள் என்று எந்தச் சட்டமும் மணிக்கணக்கு போடவில்லை. அனுப்பும் தேதி பேசப்படாவிட்டால் நியாயமான காலத்துக்குள் அனுப்ப வேண்டும் என்று அதே சட்டத்தின் 36ஆம் பிரிவு சொல்கிறது, அவ்வளவுதான். உள்நாட்டுப் பார்சலுக்கு, நம்பர் வந்த நாளை விட்டுவிட்டு இரண்டு வேலை நாள் என்று நான் கணக்கு வைப்பேன். மாலையில் எடுத்த பார்சல் ராத்திரி ஹப்பில் ஸ்கேன் ஆக ஒரு நாள், சின்னக் கிளைகள் பதிவேற்றத் தாமதித்தால் இன்னொரு நாள். உங்கள் கணக்கில் சனிக்கிழமை நம்பர் வந்தது, ஞாயிறு விடுமுறை. திங்கள், செவ்வாய் இரண்டும் அவருக்குக் கொடுக்க வேண்டிய நாட்கள். புதன் காலையே நீங்கள் எழுத்தில் கேட்டிருக்கலாம். சேலம் பக்கத்து இளம்பிள்ளையிலிருந்து தஞ்சாவூர் ஒரு ராத்திரிப் பயணம். நிஜமாகவே அனுப்பியிருந்தால் வியாழனுக்குள் பார்சலே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் சின்னப் பார்சல்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே வாரக்கணக்கில் மௌனம் சகஜம்.

சண்டைக்குப் போகும் முன் ஒன்றை மட்டும் சரிபாருங்கள். நம்பர் முழுசாக இருக்கிறதா, அந்த கூரியருடையதுதானா? ஆர்டர் நம்பரை ட்ராக்கிங் நம்பர் என்று அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. ஒரே கடையில் மூன்று கூரியர் போர்டு தொங்கும், ரசீது வேறொரு கம்பெனியுடையதாக இருக்கும். ஸ்பீட் போஸ்ட் என்றால் இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் IN என்று மொத்தம் 13 இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் தளம் காட்டாது.

பிறகு புக்கிங் ரசீதின் போட்டோ கேளுங்கள். வந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள்: தேதி, பின்கோடு, எடை. சனிக்கிழமை அனுப்பியதாகச் சொன்னவரின் ரசீதில் வியாழக்கிழமைத் தேதி இருக்கலாம். பின்கோடு தஞ்சாவூருடையதாக இல்லாமல் வேறு ஊருடையதாக இருக்கலாம். எடைதான் பலர் கவனிக்காமல் விடுவது. நான்கு புடவை சேர்ந்தால் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கிலோ வரும். ரசீதில் 200 கிராம் என்று இருந்தால் அது உங்கள் பார்சல் இல்லை, யாருடைய கடிதமோ.

ரசீது வரவில்லை என்றால் வாட்ஸ்அப்பிலேயே இப்படி எழுதுங்கள்: "இன்ன தேதியில் 6,800 ரூபாய் செலுத்தினேன். நீங்கள் தந்த எண்ணில் இன்றுவரை எந்தப் பதிவும் இல்லை. நாளை மாலை 6 மணிக்குள் புக்கிங் ரசீதை அனுப்பவும். இல்லையெனில் ஆர்டரை ரத்து செய்கிறேன். பணத்தை ஏழு நாளுக்குள் திருப்பித் தரவும்." இதோடு, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி "No data found" திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளைக்கே அவர் அவசரமாக புக் செய்தால் தளத்தில் முதல் பதிவு நாளைய தேதியில் விழும். சனிக்கிழமையே அனுப்பிவிட்டேன் என்ற பேச்சு அங்கேயே உடைந்துவிடும்.

கல்யாணத் தேதியை ஆர்டர் கொடுக்கும்போதே அவரிடம் எழுத்தில் சொன்னீர்களா? சொல்லி அவரும் ஒப்புக்கொண்டிருந்தால் உங்கள் கை ஓங்கும். குறித்த காலம்தான் பேச்சின் உயிர் என்று இருதரப்பும் நினைத்த ஒப்பந்தத்தில் அந்தக் காலம் தவறினால், ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு வரும். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், 55ஆம் பிரிவு. போனில் மட்டும் சொல்லியிருந்தால் இன்றே வாட்ஸ்அப்பில் தேதியைக் குறிப்பிட்டு நினைவூட்டுங்கள்.

பணம் வராவிட்டால் 1915க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதிலும் மசியவில்லை என்றால் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆன்லைனில் வாங்கியவரும் நுகர்வோரே என்று 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. சேலத்துக்கு அலைய வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் தஞ்சாவூரிலேயே தாக்கல் செய்யலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தபடியும் முடியும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. அவகாசம் இரண்டு வருடம்.

பெரிய ஆன்லைன் சந்தைகளில் வாங்கியவர்களுக்கு வழி இன்னும் சுலபம். அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் வருட மின்வணிக விதி.

உங்கள் விற்பனையாளர் இதுவரை பதில் சொல்கிறார், அது நல்லது. பதில் நின்று, உங்களை பிளாக் செய்து, பக்கமும் காணாமல் போனால் கதை வேறு. அப்போது நோட்டீஸ் எழுதி உட்கார்ந்திருக்காமல் அன்றே 1930க்கு அழைத்து சைபர் குற்றப் பிரிவில் பதியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆர்டரை ரத்து செய்வதாக எழுதிய பிறகு பார்சல் வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்று வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் மாமியார் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டால், ரத்து செய்ததை நீங்களே கைவிட்டதாக விற்பனையாளர் தரப்பு வாதிடும். புடவை வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தைக் கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, அதையும் வாட்ஸ்அப்பில் அவருக்கு எழுதிவிடுங்கள்.