களத்தின் கீழ் இறுக்கியும் களத்துளை ஹேர்னியாவும்

உணவுக் கால்வாய் பற்றிய பாடத்தில் களமும் இரைப்பையும் சந்திக்கும் இடத்துக்குப் பெரும்பாலான மாணவர்கள் ஒரு வரியே எழுதுவர்: “இங்குள்ள இறுக்கி உணவு மேல்நோக்கித் திரும்புவதைத் தடுக்கும்.” இது பிழையன்று. ஆனால் எவ்வாறு தடுக்கிறது என வினவப்பட்டால் இவ்விடை போதாது. அதனை விளங்கிக்கொள்வதற்கு மிகப் பொருத்தமான வழி, அத்தடுப்பு குலையும் ஒரு நிலைமையை ஆராய்வதாகும். அந்நிலைமையே வழுக்கும் வகைக் களத்துளை ஹேர்னியா.

முதலில் பெயர் பற்றி ஒரு குறிப்பு. களத்தின் கீழ் இறுக்கியைச் சில நூல்கள் இதயவிறுக்கி என்கின்றன. இதயத்தின் தொழிலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரைப்பையின் மேல்வாய்ப் பகுதி இதயத்துக்கு அண்மையில் இருப்பதால் வந்த பெயர் அது.

அமைவிடமும் அமைப்பும்

களம் நெஞ்சறையினூடாக இறங்கி, ஏறத்தாழப் பத்தாம் நெஞ்சு முள்ளென்பு மட்டத்தில் பிரிமென்றகட்டிலுள்ள ஒரு துளையினூடாக வயிற்றறையினுட் செல்கிறது. இதுவே களத்துளை. வயிற்றறையினுள் ஏறத்தாழ 2 ச.மீ. தூரம் சென்றபின் அது இரைப்பையுடன் இணைகிறது. கீழ் இறுக்கியின் நீளம் 3 – 4 ச.மீ. ஆகும். எனவே இறுக்கியின் ஒரு பகுதி களத்துளையினுள்ளும் மறுபகுதி வயிற்றறையினுள்ளும் அமைகிறது. இவ்வமைவிடத்தை நன்கு நினைவிற்கொள்க. பின்வரும் விளக்கம் முழுவதும் இதிலேயே தங்கியுள்ளது.

குடல்வாய் இறுக்கியை வெட்டிப் பார்த்தால் தடித்த தசை வளையம் வெளிப்படையாகத் தெரியும். களத்தின் கீழ் இறுக்கியில் அவ்வாறான தெளிவான தடிப்பு இல்லை. இதனால் இவ்விடத்தில் உண்மையான இறுக்கி உண்டா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. 1956 இல் ஐக்கிய அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பைக், கோட், செலெகல் ஆகியோர் ஆரோக்கியமான மனிதரில் அமுக்கத்தை அளந்து, இவ்விடத்தில் எப்போதும் உயர் அமுக்க வலயம் ஒன்று இருப்பதைக் காட்டினர். ஆகவே இது தோற்றத்தாலன்றித் தொழிலால் இனங்காணப்படும் இறுக்கியாகும்.

உண்மையில் இங்கு இரண்டு அடைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. உள்ளே இருப்பது களச்சுவரின் மழமழப்பான தசை. அது ஓய்வுநிலையிலேயே சுருங்கியிருந்து, விழுங்கும்போது வேகசு நரம்பின் வழியே வரும் கணத்தாக்கங்களால் சில செக்கன்களுக்குத் தளரும். வெளியே இருப்பது களத்துளையைச் சூழ்ந்துள்ள பிரிமென்றகட்டின் வன்கூட்டுத்தசை. அது ஒவ்வொரு உட்சுவாசத்திலும் சுருங்கி, களத்தை வெளியிலிருந்து நெரிக்கும். உட்சுவாசத்தின்போது நெஞ்சறையின் அமுக்கம் குறைவதால் இரைப்பையின் உள்ளடக்கம் மேலே உறிஞ்சப்படும் அபாயம் கூடும். சரியாக அதே கணத்தில் இவ்வெளி அடைப்பு இறுகுகிறது.

ஓர் எளிய கணிப்பு

பின்வரும் எண்கள் விளக்கத்துக்காக எளிமையாக்கப்பட்டவை. அமைதியாக நிற்கும் ஒருவரில் வளிமண்டலத்துடன் ஒப்பிடுகையில் நெஞ்சறையின் அமுக்கம் –5 மி.மீ. இரசம், இரைப்பையின் அமுக்கம் +5 மி.மீ. இரசம் எனக் கொள்வோம். இந்த 10 மி.மீ. வேறுபாடு இரைப்பைச் சாற்றை மேல்நோக்கித் தள்ள முனைகிறது. ஆனால் இறுக்கியினுள் அமுக்கம் +25 ஆக இருப்பதால் சாறு ஏறாது.

இப்போது அவர் குனிந்து ஓர் அரிசி மூட்டையைத் தூக்குகிறார். வயிற்றுத் தசைகள் சுருங்கி இரைப்பையின் அமுக்கம் 35 ஆல் உயர்ந்து +40 ஆகிறது. இறுக்கி +25 இலேயே நின்றால் அது தோற்றுவிடும். அவ்வாறு நிகழாமைக்குக் காரணம், வயிற்றறையினுள் இருக்கும் இறுக்கிப் பகுதியையும் அதே 35 மி.மீ. வெளியிலிருந்து அழுத்துவதாகும். அங்கே அமுக்கம் 60 ஆகிறது; இரைப்பையிலும் 20 அதிகம் என்ற நிலை மாறவில்லை.

வழுக்குவது எவ்வாறு?

விழுங்கும்போது களத்தின் நீள்பக்கத் தசைகள் சுருங்குவதால் களம் குறுகி, சந்தி ஏறத்தாழ 2 ச.மீ. மேலே இழுக்கப்படுகிறது. இது எல்லோரிலும் நிகழ்வது. களத்தைக் களத்துளையின் விளிம்புடன் பிணைக்கும் மீள்தன்மையான இணைப்பிழையச் சவ்வு அதனைத் திரும்பக் கீழே இழுத்துவிடும். வயது செல்லச் செல்ல இச்சவ்வின் மீள்சக்தி நார்கள் நலிவடைகின்றன. உடற்பருமன், கர்ப்பம், தீராத இருமல் என்பன வயிற்றறையின் அமுக்கத்தைக் கூட்டி அதனை மேலும் நீட்டுகின்றன. துளையும் அகலுகிறது. பல தடவை துவைத்துத் தளர்ந்த இறப்பர் பட்டிபோலச் சவ்வு மீளாதபோது, சந்தியும் அதன் கீழுள்ள இரைப்பைப் பகுதியும் நெஞ்சறைக்குள் நிற்கத் தொடங்குகின்றன. களத்துளை ஹேர்னியாக்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையே. சந்தி தன் இடத்தில் இருக்க, இரைப்பையின் மேற்பகுதி மட்டும் அதன் அருகால் ஏறுவது வேறு வகை. அதனை வழுக்கும் வகை என எழுதினால் புள்ளி கிடைக்காது.

மேற்படி கணிப்பை மீண்டும் செய்து பாருங்கள். இறுக்கி இப்போது நெஞ்சறையில் உள்ளது. மூட்டை தூக்கும்போது வயிற்றறையின் 35 மி.மீ. அதனை வெளியிலிருந்து அழுத்தாது. இரைப்பையில் 40, இறுக்கியில் 25. அமிலம் மேலேறுகிறது. இரண்டு அடைப்புகளும் வெவ்வேறு மட்டங்களுக்குப் பிரிந்துவிட்டதால் ஒன்றுக்கொன்று உதவ முடியாது. அத்துடன் இரண்டுக்கும் இடையே சிறு பை ஒன்று உண்டாகி அதில் அமிலம் தேங்குகிறது. அடுத்த தடவை விழுங்க இறுக்கி தளரும்போது இத்தேக்கமும் களத்தினுட் செல்லும். களத்தின் படைகொண்ட செதின்மேலணிக்கு இரைப்பையைப் போன்ற தடித்த சீதப் பாதுகாப்பு இல்லை. ஆகவே நெஞ்செரிவு, குறிப்பாகக் குனியும்போதும் உண்டவுடன் படுக்கும்போதும், ஏற்படுகிறது.

எனினும் ஹேர்னியா உள்ள பலருக்கு எவ்வித அறிகுறியும் இல்லை. ஹேர்னியா இல்லாதோரிலும், உணவால் இரைப்பையின் மேற்பகுதி விரியும்போது இறுக்கி விழுங்காமலே சிறிது நேரம் தளர்வதால் (ஏப்பம் வருவதும் இவ்வழியேதான்) அமிலம் ஏறலாம். எனவே “நெஞ்செரிவு = ஹேர்னியா” என எழுத வேண்டாம். மேலும் இதய நோயின் வலியும் நெஞ்செரிவு போலத் தோன்றலாம். மூச்சுத்திணறல், வியர்வை, கைக்குப் பரவும் வலி இருப்பின் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

மாதிரி வினா

52 வயதான ஒருவரில் அகநோக்கிக் குழாய் செலுத்தப்பட்டது. வெட்டும் பற்களிலிருந்து 36 ச.மீ. தூரத்தில் வெளிறிய மேலணி முடிந்து செந்நிற இரைப்பை மேலணி தொடங்கியது. பிரிமென்றகடு நெரிக்கும் இடம் 40 ச.மீ. இல் காணப்பட்டது.
(அ) அவரது நிலைமை யாது?
(ஆ) அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை இதனைக் குணப்படுத்துமா?

விடை: (அ) வழமையாக இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கும். இங்கு இரைப்பையின் 40 – 36 = 4 ச.மீ. நீளப் பகுதி பிரிமென்றகட்டுக்கு மேலே உள்ளது. எனவே வழுக்கும் வகைக் களத்துளை ஹேர்னியா. நெரிக்கும் இடத்தைக் குறிப்பிடாது 36 ஐ மட்டும் கொண்டு முடிவெடுத்தால் விடை முழுமையன்று. களத்தின் நீளம் ஆளுக்காள் வேறுபடும்.
(ஆ) இல்லை. மேலேறும் சாற்றின் அமிலத்தன்மை குறைவதால் எரிவு தணியும், புண் ஆறும். ஆனால் சந்தி இருந்த இடத்திலேயே இருக்கும். அதனைக் கீழிறக்கி, துளையைத் தைத்து ஒடுக்கி, இரைப்பையின் மேற்பகுதியைக் களத்தைச் சுற்றி மடித்துத் தைப்பது சத்திரசிகிச்சையாலேயே முடியும்.