சொந்த வீடா, வாடகை வீடா? - பதினைந்து ஆண்டுக் கணக்கு

பெங்களூரு நகரின் காக்ஸ் டவுன், 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தின் கீழிருந்த குடிமை, இராணுவ நிலையத்தைச் சேர்ந்த பகுதியாகும். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கு வாழ்ந்து வருகின்றன. ஓட்டுக் கூரையும் தோட்டமும் கொண்ட பழைய தனி வீடுகள் பல இடிக்கப்பட்டு, அவற்றின் மனைகளில் மூன்று, நான்கு மாடி அடுக்கு வீடுகள் எழுந்துள்ளன. இங்கு வாடகைக்கு இருக்கும் நடுத்தர வருவாய்க் குடும்பம் ஒன்று எதிர்கொள்ளும் கேள்வி இதுதான்: வங்கிக் கடன் பெற்று இத்தகைய வீடொன்றை வாங்குவதா, அல்லது வாடகையிலேயே தொடர்வதா?

மாதத் தவணையையும் மாத வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழக்கமான ஒப்பீடு. இது போதுமானதன்று. தவணையின் ஒரு பகுதி வட்டி, அது செலவு. மற்றொரு பகுதி அசல், அது சேமிப்பு. வாடகையோ ஆண்டுதோறும் உயர்வது. தவணை பெரும்பாலும் நிலையானது. ஆகவே இரு வழிகளிலும் ஒரே தொகையைச் செலவிடும் இரு குடும்பங்கள் பதினைந்து ஆண்டுகளின் முடிவில் எவ்வளவு சொத்துடன் இருக்கும் என்று பார்ப்பதே முறையான ஒப்பீடாகும்.

வாங்குவோரின் கணக்கு

எடுத்துக்காட்டாக, விலை ரூ. 1 கோடி, மாத வாடகை ரூ. 30,000 எனக் கூடிய இரு படுக்கையறை வீடு ஒன்றைக் கொள்வோம். இவை கணக்கிடுவதற்காக எடுத்துக்கொண்ட தொகைகளே. வாசகர் தம் தெருவின் விலையையும் வாடகையையும் அவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளலாம்.

ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ரூ. 30 லட்சத்துக்கு மேல் ரூ. 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், சொத்தின் மதிப்பில் 80 விழுக்காட்டை மிஞ்சலாகாது, ரூ. 75 லட்சத்தை மிஞ்சும் கடனுக்கு இவ்வரம்பு 75 விழுக்காடு. இந்த அளவிலான வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சொத்தின் மதிப்பில் சேர்க்கப்படுவதில்லை. எனவே அவற்றைக் கைப்பணத்திலிருந்தே செலுத்த வேண்டும். கர்நாடகத்தில் முத்திரைத் தீர்வை 5 விழுக்காடு; அதன்மீதான மேல்வரிகளுடன் 5.6 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் இறுதியில் 1 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆக ரூ. 1 கோடி வீட்டுக்கு இவ்வகையில் ரூ. 7.6 லட்சம் செல்லும். கடன் ரூ. 75 லட்சம் என்றால், தொடக்கத்தில் கையிலிருந்து தேவைப்படுவது ரூ. 32.6 லட்சமாகும்.

கடனுக்கு ஆண்டு வட்டி 8 விழுக்காடு, காலம் 15 ஆண்டு எனில் மாதத் தவணை ரூ. 71,674. முதல் மாதத்தில் இதில் ரூ. 50,000 வட்டி, ரூ. 21,674 மட்டுமே அசல். காலப்போக்கில் இந்த விகிதம் தலைகீழாகும். பதினைந்து ஆண்டுகளில் கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ. 129 லட்சம், அதாவது வட்டி மட்டும் ரூ. 54 லட்சம்.

அடுத்தது பராமரிப்பு. காவல், மின்தூக்கி, துப்புரவு ஆகியவற்றுக்குக் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் மாதக் கட்டணத்தைப் பெங்களூருவில் பொதுவாக வாடகைதாரரே தருவதால், அது இரு கணக்குகளுக்கும் பொது, விட்டுவிடலாம். சொத்து வரி, வெளிப்பூச்சு, குழாய்ப் பழுது, மொட்டைமாடி நீர்க்கசிவு, மின்தூக்கி மாற்றம் போன்றவை உரிமையாளர் பொறுப்பு. இவற்றுக்கு முதல் ஆண்டில் ரூ. 60,000, பின்னர் ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயர்வு எனக் கொள்வோம். இச்செலவு ஆண்டுதோறும் சீராக வருவதன்று. சில ஆண்டுகள் சும்மா கழிந்து, ஒரே ஆண்டில் பெருந்தொகையாக வந்து நிற்கும். அதனாலேயே பலர் இதனைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகின்றனர்.

வாடகைதாரரின் கணக்கு

பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாளைய வழக்கம். 2021-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வரம்பைப் பரிந்துரைக்கிறது. எனினும் மாநிலம் சட்டமாக்கினாலன்றி அது கட்டுப்படுத்தாது. நம் கணக்கில் முன்பணம் ரூ. 3 லட்சம், வட்டியின்றித் திரும்பி வருவது. ஒப்பந்தம் பொதுவாகப் பதினொரு மாதத்துக்கு எழுதப்படுகிறது. ஓராண்டுக்குக் குறைந்த குத்தகைக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதே காரணம். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் வாடகை உயரும். ஆண்டு உயர்வு 6 விழுக்காடு எனின், முதல் ஆண்டின் ரூ. 30,000 பதினைந்தாம் ஆண்டில் சுமார் ரூ. 67,800 ஆகிவிடும்.

வாங்குவோர் செலவிடும் அதே தொகையை வாடகைதாரரும் ஒதுக்குகிறார் என்பதே ஒப்பீட்டின் அடிப்படை. தொடக்கத்தில் முன்பணம் போக அவர் கையில் ரூ. 29.6 லட்சம் எஞ்சுகிறது. முதல் ஆண்டில் தவணையும் பராமரிப்பும் சேர்ந்த மாதச் செலவு ரூ. 76,674, வாடகை ரூ. 30,000, வேறுபாடு ரூ. 46,674. இவ்வேறுபாடு ஆண்டுதோறும் சுருங்கி, பதினைந்தாம் ஆண்டில் மாதம் சுமார் ரூ. 15,150 ஆகும். இவையனைத்தும் வரி போக ஆண்டுக்கு 6 விழுக்காடு ஈட்டும் சேமிப்பில் இடப்படுவதாகக் கொள்வோம். (கணக்கை எளிமையாக்க, மாதச் சேமிப்பு ஆண்டிறுதியில் ஒரே தொகையாக இடப்படுகிறது.)

பதினைந்து ஆண்டு முடிவில் தொடக்கத் தொகை ரூ. 70.9 லட்சமாகவும், மாதச் சேமிப்புகள் ரூ. 98.5 லட்சமாகவும் வளர்ந்திருக்கும். முன்பணம் ரூ. 3 லட்சத்தையும் சேர்த்தால் வாடகைதாரரின் சொத்து ரூ. 172.4 லட்சம். வாங்கியவரிடம் இருப்பது கடன் தீர்ந்த வீடு.

சமநிலை எங்கே?

ஆக, அந்த வீட்டின் மதிப்பு பதினைந்து ஆண்டுகளில் ரூ. 172.4 லட்சத்தை எட்டினால் இரு வழிகளும் சமம். இது ஆண்டுக்குச் சுமார் 3.7 விழுக்காடு விலையேற்றம். இதற்கு மேல் விலை ஏறினால் வாங்கியவருக்கு நன்மை. குறைந்தால் வாடகைதாரருக்கு நன்மை. பதினாறாம் ஆண்டு முதல் வாங்கியவருக்குத் தவணை இல்லை என்பதைத் தனி இலாபமாகக் கூட்டுதல் ஆகாது. அந்தப் பயன் வீட்டின் மதிப்பிலேயே அடங்கியுள்ளது. வாடகைதாரரிடமும் அதற்கீடான தொகை உள்ளது.

வீட்டை விற்றுப் பணமாக்குவதானால் தரகும் வரியும் உண்டு. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, பணவீக்க ஈடு இன்றி, 12.5 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. தரகு 2 விழுக்காடு எனக் கொண்டால், சமநிலைக்குத் தேவையான விலையேற்றம் ஆண்டுக்குச் சுமார் 4.2 விழுக்காடாக உயரும். சில ஆண்டுகளிலேயே இடமாற்றம் எதிர்பார்க்கும் அலுவலருக்கு இச்சுமை இன்னும் பெரிது. முத்திரைத் தீர்வைச் செலவை ஈடுகட்டப் போதிய காலம் அவருக்குக் கிடைப்பதில்லை.

முடிவை மாற்றும் மூன்று காரணிகள்

முதலாவது, விலைக்கும் வாடகைக்கும் உள்ள விகிதம். நம் எடுத்துக்காட்டில் ஆண்டு வாடகை விலையில் 3.6 விழுக்காடு. அதே விலையுள்ள வீட்டின் மாத வாடகை ரூ. 40,000 எனில் சமநிலை விலையேற்றம் 1.8 விழுக்காடாகக் குறையும். அப்போது வாங்குவதே மேல். வாடகை ரூ. 20,000 மட்டுமே எனில் அது 5.2 விழுக்காடாக உயரும். அப்போது வாடகையே மேல் எனக் கருத இடமுண்டு. ஒரே தெருவில்கூட இவ்விகிதம் வேறுபடுவதால், நகரம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

இரண்டாவது, சேமிப்பு ஒழுங்கு. மேற்கண்ட மாத வேறுபாட்டில் பாதியை மட்டுமே வாடகைதாரர் சேமித்து மீதியைச் செலவிட்டால், அவருடைய சொத்து ரூ. 123 லட்சமாகச் சுருங்கும். வீட்டின் விலை ஆண்டுக்கு 1.4 விழுக்காடு ஏறினாலே போதும், வாங்கியவர் முந்திவிடுவார். தவணை என்பது கட்டாயச் சேமிப்பு. வாடகைதாரருக்கோ அத்தகைய கட்டாயம் எதுவுமில்லை. ஏட்டில் வாடகைக்குச் சாதகமாக முடியும் கணக்குகள் நடைமுறையில் பொய்த்துப்போவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். செலவான பாதியால் குடும்பத்துக்கு அந்நேரத்தில் பயன் கிடைத்திருக்கலாம்; ஆனால் பதினைந்தாம் ஆண்டின் இருப்பில் அது தென்படாது.

மூன்றாவது, வட்டி மாற்றம். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள், ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டுள்ளன. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தது. இத்தகைய உயர்வின்போது தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டுவது வங்கிகளின் வழக்கமாயிருந்தது. நம் கடனில் தொடக்கத்திலேயே வட்டி 10 விழுக்காடாகி, தவணை ரூ. 71,674 ஆகவே இருந்தால், பதினைந்து ஆண்டுக் கடன் தீர இருபது ஆண்டுக்கு மேல், அதாவது சுமார் 248 மாதம் ஆகும். தவணை உயராததால் கடன்தாரர் இதை உணர்வதில்லை. கணக்கு அறிக்கையில் எஞ்சிய தவணைகளின் எண்ணிக்கையைப் பார்த்தே அறிய முடியும். தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று தெரிவுசெய்யும் வாய்ப்பைக் கடன்தாரருக்கு அளிக்க வேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது. மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

விலையேற்றத்தை எவ்வாறு மதிப்பிடுவது?

கணக்கின் இறுதி விடை விலையேற்றத்தைச் சார்ந்தே நிற்பதால், எது ஏறுகிறது என்பதை அறிதல் வேண்டும். கட்டடம் ஆண்டுதோறும் தேய்வது. மதிப்பு கூடுவது நிலமே. அடுக்கு வீட்டின் உரிமையாளருக்கு நிலத்தில் உள்ளது பிரிக்கப்படாத பங்கு மட்டும். ஒரே மனையில் நான்கு குடும்பங்கள் பங்கு கொள்ளும் வீட்டையும், நாற்பது குடும்பங்கள் பங்கு கொள்ளும் வீட்டையும் தரைப்பரப்பு அளவில் மட்டும் ஒப்பிடுதல் தவறு. விற்பனைப் பத்திரத்தில் எழுதியுள்ள நிலப் பங்கின் சதுர அடியைப் பார்த்தல் வேண்டும்.

ஆவணக் குறையும் விலையேற்றத்தை விழுங்கிவிடும். பெங்களூருவில் 'ஏ' கத்தா உள்ள சொத்துக்கும் 'பி' கத்தா சொத்துக்கும் கடன் பெறுவதிலும் மறுவிற்பனையிலும் பெரும் வேறுபாடு உண்டு. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, குடிபுகு சான்று ஆகியவற்றில் ஒன்று குறைந்த வீடு மலிவாகக் கிடைக்கும். அதே காரணத்தால் விற்கும்போதும் மலிவாகவே போகும்.

எனவே முடிவெடுப்பவர் செய்ய வேண்டியவை மூன்று. தாம் விரும்பும் வீட்டின் ஆண்டு வாடகையை அதன் விலையால் வகுத்துப் பார்க்க வேண்டும். மாத வேறுபாட்டைத் தாம் உண்மையில் எவ்வளவு சேமித்துள்ளார் என்பதைக் கடந்த இரண்டு ஆண்டு வங்கிக் கணக்கிலிருந்து அறிய வேண்டும். பின்னர், சமநிலைக்கு வேண்டிய விலையேற்றத்தைக் கணக்கிட்டு, அந்த நிலப் பங்கு அதனைத் தருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டார் வாங்கினார் என்பதைக் காட்டிலும் இம்மூன்று விடைகளும் நம்பத்தக்க வழிகாட்டிகளாகும்.