முதல் முப்பது செகண்டுல தூண் ஒலிக்கணும்

யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து, நீங்க போட்ட ஏதாவது ஒரு பாட வீடியோவோட ரிடென்ஷன் கிராஃபைப் பாருங்க. இடது ஓரத்துல 100 சதவீதத்துல தொடங்குற கோடு, கொஞ்ச தூரத்துலேயே பாபநாசம் மலையில இருந்து இறங்குற மாதிரி சரசரன்னு இறங்கும். அப்புறம் சமவெளி ஆறு மாதிரி மெதுவா சாயும். அந்த மலைச்சரிவு முழுக்க பெரும்பாலும் முதல் அரை நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும். யூடியூபே அந்த இடத்துக்கு Intro னு பேரு வச்சு, 0:30ல எத்தனை சதவீதம் பேர் இன்னும் பாக்குறாங்கன்னு தனியா காட்டுது.

நம்ம காலேஜ்ல டெக்னிக்கல் கிளப்புக்கோ, ஜூனியர்ஸுக்கோ வீடியோ எடுக்குறவங்க நிறைய பேர் இருக்கீங்க. அதனால பொதுவா பேசாம ஒரே ஒரு வீடியோவை எடுத்து செகண்டு செகண்டா பிரிச்சுப் பாப்போம். தலைப்பு நம்ம ஊர்லயே இருக்கு: நெல்லையப்பர் கோயில் இசைத்தூண். ஒரே கல்லுல செதுக்கின பெரிய தூணைச் சுத்தி சின்னச் சின்ன தூண்கள். தட்டினா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சுரம். கல் ஏன் பாடுது? எட்டு நிமிஷ பிசிக்ஸ் வீடியோ.

யார் எழுதினாலும் முதல் டிராஃப்ட் ஏறக்குறைய இப்படித்தான் வரும். அஞ்சு செகண்டு சேனல் லோகோ சுத்தும். அடுத்த ஏழு செகண்டு "வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்". பிறகு பன்னிரண்டு செகண்டு தாமிரபரணி மேல ட்ரோன் ஷாட், சுலோச்சனா முதலியார் பாலம், "திருநெல்வேலி மிகவும் தொன்மையான நகரம்" னு ஒரு கனமான குரல். கடைசி ஆறு செகண்டு சப்ஸ்கிரைப், பெல் ஐகான். மொத்தம் முப்பது. தூண் இன்னும் ஒரு தடவை கூட ஒலிக்கல. பாக்க வந்தவன் "என்னல இது" ன்னு தள்ளிட்டுப் போயிருப்பான்.

இதுல லோகோவையும் பெல் ஐகானையும் வெட்டணும்னு எல்லாருக்கும் தெரியும். ட்ரோன் ஷாட்டை வெட்டத்தான் மனசு வராது. அழகா இருக்கு, நம்ம ஊரு வேற. ஆனா பாட வீடியோவுல அதுதான் அதிக ஆபத்து. 1998ல ஹார்ப், மேயர் னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மின்னல் எப்படி உருவாகுதுன்னு ஒரு பாடத்தை மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தாங்க. ஒரு பிரதியில மின்னல் தாக்கின ஆட்கள் பத்தின சுவாரஸ்யமான, ஆனா பாடத்துக்கு சம்பந்தமில்லாத தகவல்களைச் சேர்த்தாங்க. அந்தப் பிரதியைப் படிச்சவங்களுக்கு பாடம் குறைவாத்தான் நினைவுல நின்னுச்சு. அந்தத் துணுக்குகளை ஆரம்பத்துல வச்சப்போ கெடுதல் தெரிஞ்சது, கடைசியில வச்சப்போ பெருசா தெரியல. காரணம், முதல்ல எது வருதோ அதைச் சுத்தித்தான் மூளை மத்ததை அடுக்கும். ஆறும் பாலமும் முதல்ல வந்தா பாக்குறவர் டூரிசம் வீடியோ மனநிலையில உக்காந்துடுவார். அப்புறம் அதிர்வெண் னு நீங்க ஆரம்பிச்சா அது வேற வீடியோ மாதிரி இருக்கும்.

அப்போ பாட வீடியோவுக்கு ஹூக் னா என்ன? என் கருத்து, பாடத்தோட நடுப்பகுதியில இருக்கிற ஒரு துண்டை அப்படியே முன்னால கொண்டு வந்து வைக்கிறதுதான். அந்தத் துண்டு, பாக்குறவர் ஏற்கெனவே நம்புற ஏதோ ஒண்ணோட மோதணும். வெரிட்டாசியம் சேனல் நடத்துற டெரெக் முல்லர் சிட்னி பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டத்துக்குச் செஞ்ச ஆய்வே இதைப் பத்தினதுதான். தெளிவா, தப்பில்லாம விளக்கின பிசிக்ஸ் வீடியோவை மாணவர்கள் "நல்லா புரிஞ்சுது" ன்னாங்க. ஆனா டெஸ்ட்ல மார்க் பெருசா ஏறல. அவங்க மனசுல இருந்த தப்பான எண்ணத்தையே முதல்ல பேசி, பிறகு அதை உடைச்ச வீடியோவைப் பாத்தவங்க குழப்பமா இருக்குன்னு சொன்னாலும் மார்க் அதிகம் வாங்கினாங்க.

நம்ம தூணுக்கு அப்படி ஒரு தப்பான எண்ணம் இருக்கா? ரொம்ப நல்லதாவே ஒண்ணு இருக்கு. ஒரே நீளத்துல ஒரு மெல்லிசு கம்பி, ஒரு தடிச்ச கம்பி. எது உச்சமா ஒலிக்கும்? கிட்டாரோ வீணையோ பாத்த எல்லாரும் மெல்லிசுன்னுதான் சொல்லுவாங்க. இழுத்துக் கட்டின தந்திக்கு அது சரி. ஆனா வளைஞ்சு அதிர்ற ஒரு தண்டுக்கு விதி நேர்மாறு. தடிமன் கூடினா வளைக்கிறது கஷ்டம், அதனால திரும்பி வர்ற வேகம் அதிகம், சுரம் மேல ஏறும்.

```
f ∝ d / L²
```

d தடிமன், L நீளம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்காரங்க ஹம்பி விட்டலா கோயில் இசைத்தூண்களை அளந்து 2008ல வெளியிட்ட கட்டுரையிலயும், அந்த ஒலி தூண் வளைஞ்சு அதிர்றதால வர்றதுன்னுதான் முடிவு. நெல்லையப்பர் கோயில் தூண்கள் ஒரே சீரான உருளை கிடையாது, செதுக்கல் உண்டு, அதனால இந்த வாய்ப்பாடு அங்க ஒரு தோராயம்தான். அதை வீடியோவுல சொல்லிடுங்க, ஆனா முதல் முப்பது செகண்டுல வேண்டாம்.

கோயில் தூணைத் தட்டிக் காட்ட வேண்டாம். கல் தேயும், அனுமதியும் தனிப் பிரச்சினை. ஹார்டுவேர் கடையில 8 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர்ல ரெண்டு வழுவழுப்பான இரும்புக் கம்பி வாங்கி, ரெண்டையும் 30 சென்டிமீட்டரா வெட்டிக்கோங்க. முனையில இருந்து 6.7 சென்டிமீட்டர் தள்ளி ரெண்டு பக்கமும் நூல் கட்டித் தொங்க விடுங்க. அந்த இடம் அதிராத புள்ளி, வேற எங்க கட்டினாலும் ஒலி செத்துடும். நட்ட நடுவுல தட்டினா மெல்லிசு சுமார் 400 ஹெர்ட்ஸ், தடிச்சது சுமார் 600 ஹெர்ட்ஸ். விகிதம் ஒன்றரை, அதாவது ச, ப. இவ்வளவு சுத்தமான ஒரு விடை பத்து செகண்டுல கிடைக்குதுன்னா அதை ஏன் நாலாவது நிமிஷத்துக்கு ஒளிச்சு வைக்கணும்?

இப்போ முப்பது செகண்டை மறுபடி எழுதுவோம்.

முதல் நாலு செகண்டு: திரையில தூண். தம்ப்னெயில்ல தூணைப் பாத்துத்தான் கிளிக் பண்ணியிருக்கார், அதே தூண் உடனே தெரியலைன்னா தப்பான இடத்துக்கு வந்துட்டோமோன்னு தோணும். குரல்: "இந்தக் கல்லு ச, ப பாடும். எப்படி?" அடுத்து நேரா கம்பிக்கு வெட்டுங்க. அஞ்சாவது செகண்டுல இருந்து பத்து வரை: "ரெண்டும் ஒரே நீளம். ஒண்ணு மெல்லிசு, ஒண்ணு தடிசு. எது மேல ஒலிக்கும்?" இதுக்கப்புறம் மூணு செகண்டு ஒண்ணும் பேசாதீங்க. எடிட்டிங்ல உக்காரும்போது இந்த இடைவெளி உறுத்தும், வெட்டத் தோணும். விட்டுடுங்க. பாக்குறவர் மனசுல ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க அந்த நேரம் வேணும். தேர்ந்தெடுத்தவர் விடை தெரியாமப் போக மாட்டார்.

பதினாலாவது செகண்டு மெல்லிசு. ஒலி அடங்கும்வரை விடுங்க. பதினேழுல தடிச்சது. இங்க பின்னணி இசை இருக்கவே கூடாது, ஏன்னா ஒலிதான் இங்க ஆதாரம். நாய்ஸ் ரிடக்ஷனையும் அணைச்சிடுங்க, நீண்டு போற ஒலியோட வாலை அது வெட்டிடலாம். இருபத்தொண்ணுல இருந்து முப்பது வரை: "தடிச்சதுதான் மேல. வீணைத் தந்திக்கு நேர் எதிர். ஏன்னா இந்தக் கம்பி வளைஞ்சு அதிருது. தூணும் அப்படித்தான்." என்ன நடந்ததுங்கறது இங்கயே சொல்லியாச்சு. ஏன் நடந்ததுங்கறதுக்கு அவர் மீதி ஏழரை நிமிஷம் இருப்பார். என்ன நடந்ததுங்கறதையே "கடைசி வரை பாருங்க" ன்னு இழுத்தா, அவர் விரலால தள்ளி அந்த இடத்துக்கே போயிடுவார்.

வேகம் பத்தி ஒரு வார்த்தை. 2014ல ஃபிலிப் குவோவும் கூட்டாளிகளும் எட்எக்ஸ் பாடங்கள்ல சுமார் 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசினாங்க. வேகமா, உற்சாகமா பேசுறவங்களோட வீடியோவை மாணவர்கள் அதிகம் பாத்திருந்தாங்க. இதைப் படிச்சுட்டு சிலர் ஆடியோவை 1.25ல ஓட்டி ஏத்துறாங்க. அந்த ஆய்வு சொன்னது, பேசுறவர் செயற்கையா மெதுவாக்கிக்க வேண்டாம்னுதான். அதுல வர்ற நிமிஷத்துக்கு இத்தனை வார்த்தைங்கற கணக்கும் தமிழுக்குப் பொருந்தாது, "பாத்துக்கிட்டிருந்தவங்களுக்கு" ன்னு நமக்கு ஒரே வார்த்தையில நாலஞ்சு இங்கிலீஷ் வார்த்தை போயிடும். மேல இருக்கிற ஸ்கிரிப்டுல வேகம் வாயில இல்லாம வெட்டுல இருக்கு: அரை நிமிஷத்துல ஒரு கேள்வி, ஒரு காத்திருப்பு, ரெண்டு ஒலி, ஒரு விடை.

அப்லோட் பண்ணி ரெண்டு நாள் பொறுங்க, கிராஃப் வர அவ்வளவு நேரம் ஆகும். வந்ததும் சதவீதத்தை விட வடிவத்தைப் பாருங்க. முதல் நாலஞ்சு செகண்டுலயே பாதாளத்துக்கு விழுந்திருந்தா, அப்போ நீங்க ஒரு வாக்கியம் கூட முடிக்கல, அதனால சந்தேகப்பட வேண்டியது டைட்டிலும் தம்ப்னெயிலும். பத்துல இருந்து இருபதுக்குள்ள படிக்கட்டு மாதிரி இறங்கினா அந்தந்த இடத்துல போய்ப் பாருங்க, தேவையில்லாத ஏதோ ஒரு வாக்கியம் உக்காந்திருக்கும். கோடு இறங்கி, ரெண்டாவது நிமிஷத்துல மறுபடி ஏறினா பயப்படாதீங்க. வெளியே போனவங்களால கோட்டை ஏத்த முடியாது. தாண்டிக் குதிச்சு அங்க வந்தவங்களும், திரும்பப் பாத்தவங்களும்தான் ஏத்துவாங்க. செமஸ்டருக்கு முந்தின ராத்திரி தேடி வர்றவங்களோட கிராஃப் இப்படித்தான் இருக்கும், அவங்களுக்கு வேண்டியது நேரா சம் மட்டும். அந்தக் கூட்டத்துக்கு ஹூக்கை மெருகேத்துறதை விட சாப்டர் நேரங்களை டிஸ்கிரிப்ஷன்ல போடுறதுதான் உதவி. இருபது பேர் பாத்த வீடியோவுல ஒருத்தர் போனாலே அஞ்சு சதவீதம் இறங்கும்ங்கறதையும் மறந்துடாதீங்க, அதை வச்சு ஸ்கிரிப்டை மாத்தாதீங்க.

கிராஃப் காட்டாத ஒண்ணு, அவங்களுக்குப் புரிஞ்சுதாங்கறது. அதுக்கு ஹாஸ்டல்ல நாலு பேரை வீடியோ பாக்க வச்சு, மறுநாள் மெஸ்ல ஒரே கேள்வி கேளுங்க: 12 மில்லிமீட்டர் கம்பியை 15 சென்டிமீட்டரா வெட்டினா சுரம் எத்தனை மடங்கு ஏறும்? "ரெண்டு" ன்னு சொல்றவர் இன்னும் தந்தியிலயே நிக்கிறார். "நாலு" ன்னு சொல்றவர் வீடியோவை நிஜமாவே பாத்திருக்கார்.