மூன்றும் ஆறும்

இப்பாடத்தின் படத்தில் இரண்டு முகவைகள் உள்ளன. இரண்டிலும் நீரில் கரைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலமே இருக்கிறது, நிறமும் ஒன்றே. முதல் முகவையில் அமிழ்த்திய அளவியின் திரை 3.0 என்றும், அடுத்ததன் திரை 6.0 என்றும் காட்டுகின்றன. முதற்கரைசலின் ஹைட்ரஜன் அயனிச் செறிவு மற்றதைப்போல் எத்தனை மடங்கு என்பது வினா. ஆறை மூன்றால் வகுத்து, இரண்டு மடங்கு என விடை எழுதுவோர் பலர். சரியான விடை ஆயிரம் மடங்கு.

இவ்வளவுகோலை 1909ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு வேதியியலார் சோரன்சன் வகுத்தார். அயனிச் செறிவுகள் மிகச் சிறிய பின்னங்கள். அவற்றை அப்படியே எழுதுவதும் ஒப்பிடுவதும் தொல்லை. ஆகவே, பத்தின் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் குறியை மாற்றினார்:

pH = −log₁₀[H⁺]

முதற்கரைசலில் ஒரு லிட்டருக்கு 10⁻³ மோல் அயனிகள். அடுத்ததில் 10⁻⁶ மோல். திரையில் தெரிபவை அடுக்குகளே. அடுக்குகளை வகுத்தல் பொருந்தாது; கழித்தல் வேண்டும். 6−3=3; 10³=1000. எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகும் என்பதையும் மறவாதிருத்தல் நலம்.

இதனைக் கையால் செய்து பார்த்தால் ஐயம் நீங்கும். முதல் முகவையிலிருந்து 10 மில்லிலிட்டர் எடுத்து, தூய நீர் சேர்த்து 100 மில்லிலிட்டர் ஆக்கினால் திரை 4 காட்டும். ஒரு லிட்டர் ஆக்கினால் 5. ஆறை அடையப் பத்து லிட்டர் ஆக்கவேண்டும். அதாவது, ஒரு சிறு குப்பி அமிலக்கரைசலுக்கு ஒரு வாளி நீர்! வினிகர் போன்ற வலிமை குறைந்த அமிலத்தில் இக்கணக்கு செல்லாது. நீர்க்கச்செய்யும்போது அதன் மூலக்கூறுகள் மேலும் பிரிந்து புதிய அயனிகளைத் தருவதால், பத்து மடங்கு நீர்த்தபோதும் எண் ஏறத்தாழ அரை அலகே உயரும்.

மேலும் பத்து மடங்கு நீர்க்கச்செய்து நூறு லிட்டர் ஆக்கினால் 7 வருமா? வராது, ஏறத்தாழ 6.8 வரும். நீரும் தன் பங்குக்குச் சிறிது ஹைட்ரஜன் அயனிகளைத் தருகிறது. அமிலத்தின் அயனிகள் மிக அருகிவிட்ட அந்நிலையில் அப்பங்கைப் புறக்கணிக்க இயலாது. எட்டு மடங்கோ எண்பது மடங்கோ நீர் ஊற்றினும் அமிலம் காரமாகாததற்கும் இதுவே காரணம்.

தசமப்புள்ளிக்குப் பின்வரும் இலக்கத்தைச் சிலர் பொருட்படுத்துவதில்லை. 10^0.1 என்பது ஏறத்தாழ 1.26. எனவே, திரையில் 0.1 குறைந்தால் அயனிச் செறிவு நூற்றுக்கு 26 பங்கு மிகுந்துள்ளது என்று பொருள். படத்தின் முதல் திரை 3.0 என்பதற்கு மாறாக 3.4 காட்டியிருந்தால், வேறுபாடு 2.6 ஆகி, விடை ஆயிரத்திலிருந்து ஏறத்தாழ நானூறாகக் குறைந்திருக்கும்.