உறையும் பட்டையும்: எல்லைக்குள் உலவும் பங்குகளை அளப்பது எப்படி?

தாராவியில் தோல் பொருள் பட்டறை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், ஒரு பங்கின் விலை வரைபடத்துடன் எங்கள் கிளைக்கு வந்தார். தீபாவளிக்கு முன் தோல் கொள்முதல் செய்ய வேண்டிய பணம் சில வாரங்கள் சும்மா இருக்கிறது. அதைப் பங்கில் போடலாமா என்பது அவர் யோசனை. "கீழ்க்கோட்டுக்கு வெளியே போன விலை மறுபடியும் உள்ளே வந்துவிட்டது சார், இனி ஏறும் அல்லவா?" என்று கேட்டார். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாடிக்கையாளர்கள் இதே கேள்வியை எங்களிடம் கேட்டதுண்டு. விடை, அந்தக் கோடு எவ்வகையினது என்பதைப் பொறுத்தது.

இருவகைக் கோடுகளுக்கும் நடுவில் இருப்பது நகரும் சராசரியே. பெரும்பாலும் கடைசி 20 நாள்களின் முடிவு விலைகளின் சராசரி. அதற்கு மேலும் கீழும் 4 சதவீதம் போன்ற மாறாத இடைவெளியில் கோடு வரைந்தால் அது சதவீத உறை. அதே 20 நாள் விலைகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டு, அதன் இரு மடங்கு தூரத்தில் வரைந்தால் அது ஏற்ற இறக்கப் பட்டை. 1980களின் தொடக்கத்தில் இதை உருவாக்கிய அமெரிக்கர் ஜான் பொலிஞ்சரின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. உறையின் அகலத்தை நாம் தீர்மானிக்கிறோம். பட்டையின் அகலத்தை விலையே தீர்மானிக்கிறது.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். 20 நாள்களில் பத்து நாள் ரூ.98, பத்து நாள் ரூ.102 என மாறி மாறி முடிகிறது. சராசரி 100, திட்ட விலக்கம் 2, ஆகவே பட்டை 96 முதல் 104 வரை. 4 சதவீத உறையும் அதே இடத்தில் நிற்கும். இப்போது சந்தை அடங்கி, விலை 99க்கும் 101க்கும் இடையே மட்டும் அசைகிறது என்போம். திட்ட விலக்கம் 1 ஆகிறது. பட்டை 98-102 எனச் சுருங்குகிறது. விலை 102ஐத் தொட்டவுடன் பட்டையை நம்பியவர் விற்பார். வழக்கமான எல்லையான 104 இன்னும் தொலைவில் இருக்கிறது. ஒவ்வொரு சிறு அசைவுக்கும் வாங்கி விற்றால் தரகும் வரியும் போன பிறகு மிஞ்சுவது சொற்பம். பங்கை எடுத்துக்கொள்ளும் பரிவர்த்தனையில் பரிவர்த்தனை வரி மட்டுமே வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். அமைதியான காலத்தில் உறையே மேல் என்பது எங்கள் கருத்து.

எல்லை உடையும்போதுதான் உண்மையான சோதனை வருகிறது. 2017 ஜூலை 17 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட் மீதான கூடுதல் வரியை உயர்த்தியது. மறுநாள் ஐ.டி.சி. பங்கு ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அந்த ஆண்டு முடியும்வரை பழைய விலைக்குத் திரும்பவில்லை. (பெயரைச் சொன்னது உதாரணத்துக்கே, பரிந்துரை அன்று.)

அத்தகைய சரிவை நம் கற்பனைப் பங்கில் வைத்துப் பார்ப்போம். 98-102 என உலவிய விலை ஒரே நாளில் ரூ.87.50க்கு விழுந்து அங்கேயே நிற்கிறது. முதல் மூன்று நாள்கள் அது பட்டைக்கு வெளியே இருக்கும். நான்காம் நாள் சராசரி 97.50 ஆகிறது, திட்ட விலக்கம் ஏறத்தாழ 5.3 ஆகப் பெருகுகிறது. கீழ்ப்பட்டை 87க்குச் சற்றே கீழே இறங்கிவிடுகிறது. விலை ஒரு காசும் ஏறவில்லை, ஆயினும் பட்டைக்குள் 'திரும்பிவிட்டது'. பட்டறைக்காரர் கண்டதும் இதுவே. பட்டை தானே விரிந்து சரிவை விழுங்கிவிட்டது.

உறை அப்படி இளகாது. அதே நான்காம் நாளில் உறையின் கீழ்க்கோடு 93.60. விலை பதினான்கு நாள்கள் வரை வெளியிலேயே இருக்கும். சராசரி போதுமான அளவு இறங்கிய பதினைந்தாம் நாளில்தான் உள்ளே வரும். உறைக்கு வெளியே விழுந்ததை 'மலிவு' என்று படித்தவர் அத்தனை நாளும் வாங்கிக்கொண்டே இருப்பார். உறையின் ஆபத்து அது.

ஆகவே நாங்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கச் சொல்கிறோம். வாங்க, விற்க உறை. எல்லை உயிரோடிருக்கிறதா என்று அறியப் பட்டையின் அகலம். நம் கணக்கில் சரிவுக்கு முன் மேல்பட்டைக்கும் கீழ்ப்பட்டைக்கும் இடையே ரூ.8; நான்காம் நாள் ரூ.21க்கு மேல். விலை உறைக்கு வெளியே முடியும் நாளையொட்டிப் பட்டையும் இரு மடங்காக விரிந்தால், பழைய எல்லை போய்விட்டது என்று கொண்டு வாங்காமல் இருக்க வேண்டும். பட்டை விரியாமல் விலை மட்டும் மெல்ல உறையைத் தொட்டால் அது பழைய உலவலே.

உறையின் சதவீதத்தை ஊகித்து வைக்கக் கூடாது. கடந்த ஓராண்டு முடிவு விலைகளில் பத்தில் ஒன்பதாவது உள்ளே அடங்குமாறு அந்தந்தப் பங்குக்கே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லை உடைந்தபின் அந்தச் சதவீதமும் செல்லாது. புதிய எல்லை தெரிய, சரிவுக்குப் பிந்தைய 20 நாள்களாவது சேர வேண்டும்.

பட்டறைக்காரர் நாள்காட்டியைப் புரட்டி எண்ணினார். இருபது வேலை நாள் என்றால் தோல் வாங்கும் வாரம் தாண்டிவிடும். வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.