‘குழந்தைகளும் பார்க்கலாம்’ என்று அழுத்தினால் கமெண்ட் ஏன் மறைகிறது?

சேர்வராயன் மலையில், மாரமங்கலத்துப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் யூடியூப் சேனல் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழம் பறிப்பது, தோல் நீக்குவது, களத்தில் காயவைப்பது, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றுவது, இவைதான் வீடியோக்கள். பதிவேற்றும்போது ஒரு கேள்வி வருகிறது: இது குழந்தைகளுக்கானதா? நம் வீடியோவில் கெட்டது எதுவும் இல்லையே என்று “Yes, it's made for kids” என்பதை அழுத்திவிடுகிறார். அதன் பிறகு, கிலோ என்ன விலை என்று கேட்க வருபவருக்குக் கமெண்ட் பெட்டியே இல்லை. மணி பட்டன் வேலை செய்யவில்லை. வீடியோ முடிவில் அடுத்த வீடியோவைக் காட்டும் அட்டையும் காணோம்.

இதற்குக் காரணமாக ஊரில் உலவும் நம்பிக்கைகள் சில.

நம்பிக்கை: அந்தக் கேள்வி வீடியோ நல்லதா கெட்டதா என்பதற்கு.

இல்லை. சினிமாவுக்குத் தணிக்கைக் குழு தரும் ‘யு’ சான்றிதழ் போல இதை நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. பார்க்கலாமா என்பதல்ல கேள்வி. யாருக்காக எடுத்தது என்பது. அமெரிக்காவில் 1998-ல் வந்த ஒரு சட்டம், 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமின்றி இணையத்தில் சேகரிக்கக் கூடாது என்கிறது. அதை மீறியதாக எழுந்த வழக்கில் 2019 செப்டம்பரில் கூகுளும் யூடியூப்பும் 17 கோடி டாலர் கட்டச் சம்மதித்தன. அந்த உடன்பாட்டின் விளைவுதான் இந்தக் கேள்வி. ‘ஆம்’ என்றால், பார்ப்பவர் அறுபது வயது வியாபாரியாக இருந்தாலும் யூடியூப் அவரைக் குழந்தையாகவே நடத்தும். குழந்தையிடம் விவரம் சேகரிக்கக் கூடாது. கமெண்ட் எழுதுவதும் விவரம் தருவதுதான். பார்ப்பவரின் விருப்பத்தை வைத்துக் காட்டும் விளம்பரமும் அதனாலேயே நின்றுபோகிறது, வருமானமும் குறைகிறது.

சென்னையிலிருந்து வரும் சுச்சு டிவியின் பாட்டுகள் சின்னப் பிள்ளைகளுக்காகவே செய்யப்படுபவை. அங்கே ‘ஆம்’ என்பது சரியான பதில். காபிக் களத்துக்கு அல்ல.

நம்பிக்கை: ‘இல்லை’ என்றால் பெரியவர்கள் படம் என்று முத்திரை விழுந்துவிடும்.

பதினெட்டு வயது வரம்பு தனிக் கேள்வி. இதற்கு ‘இல்லை’ என்றவர் அதையும் தொடத் தேவையில்லை. பெரும்பாலான சமையல், விவசாய, ஊர் சுற்றும் வீடியோக்கள் இந்த நடுவில்தான் இருக்கின்றன.

நம்பிக்கை: வீடியோவில் பிள்ளை வந்தால் ‘ஆம்’ போட்டே ஆக வேண்டும்.

பிள்ளை நடித்திருப்பது ஒரு அறிகுறி மட்டுமே. கதைப் பாத்திரங்கள், பொம்மைகள், விளையாட்டு, பாட்டு, பேச்சு நடை என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பழம் பறிக்கும் பாட்டிக்குப் பின்னால் பேரன் ஓடுவதால் அது குழந்தைகள் வீடியோ ஆகிவிடாது.

நம்பிக்கை: சேனல் அமைப்பை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். யூடியூப் ஸ்டுடியோவைக் கணினியில் திறந்து, Settings, Channel, Advanced settings என்று போனால் சேனல் முழுமைக்குமான பதிலை மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு வீடியோவுக்கும் தனியாகக் கொடுத்த பதில் சேனல் பதிலை விட வலியது. அது அப்படியே நிற்கும். நம் தோட்டக்காரர் வீடியோ வீடியோவாக ‘ஆம்’ அழுத்தியவர். அதனால் அவர் Content பக்கத்தில் பழைய வீடியோக்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, Edit, பிறகு Audience என்று போய், “No, it's not made for kids” என மொத்தமாக மாற்ற வேண்டும்.

சில நேரம் ‘ஆம்’ என்ற முடிவை யூடியூப்பே எடுத்திருக்கும். அப்போது நாமாக மாற்ற முடியாது. மேல்முறையீடு மட்டுமே வழி, அதுவும் ஒரு வீடியோவுக்கு ஒரு முறைதான். அதனால் அவசரத்தில் ஒரு வரி எழுதி அனுப்பாமல், வீடியோ யாருக்குப் பயன்படுகிறது, என்ன மொழியில் என்ன சொல்லித்தருகிறது என்று எழுதுவது நல்லது. உண்மையிலேயே குழந்தைகள் சேனல் நடத்திக்கொண்டு கமெண்டுக்காக ‘இல்லை’ போடுவது வேறு கதை. அதை யூடியூப் கண்டுபிடித்தால் தானே மாற்றிவிடும்.

நம்பிக்கை: கமெண்ட் இல்லையென்றால் காரணம் இதுதான்.

மணி, முடிவு அட்டை, கமெண்ட் எல்லாம் ஒன்றாகப் போயிருந்தால் இதுதான். கமெண்ட் மட்டும் இல்லாமல் மற்றவை இருந்தால் முதலில் அந்த வீடியோவின் கமெண்ட் அமைப்பைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்து, வீடியோவில் பிள்ளைகள் முக்கியமாக வருகிறார்கள் என்றால், 2019 பிப்ரவரியில் வந்த வேறொரு ஏற்பாடு காரணமாக இருக்கலாம். சிறுவர் வீடியோக்களின் கீழே வக்கிரமான கமெண்டுகள் குவிந்ததால், அப்படிப்பட்ட பலவற்றில் யூடியூப்பே கமெண்டை நிறுத்தியது. அதை இந்தப் பொத்தானால் திறக்க முடியாது.