"எங்கள் நிறுவனம் ஏன்?": நான்கு வாக்கிய விடை பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

வேலைக்கு விண்ணப்பித்தவரை நேர்காணலுக்கு அழைப்பதற்கு முன், "எங்கள் நிறுவனத்தில் ஏன் பணிபுரிய விரும்புகிறீர்கள்? சில வரிகளில் எழுதி அனுப்புக" என்று மனிதவளப் பிரிவினர் மின்னஞ்சலில் கேட்பது பல நிறுவனங்களில் வழக்கமாக உள்ளது. இவ்வினாவுக்கு எழுதப்படும் விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதற்கு, விண்ணப்பதாரர்களிடையே வழிவழியாகப் பரவியுள்ள சில நம்பிக்கைகளே காரணமாகும். அவற்றைச் சோதித்துப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டை வகுத்துக்கொள்ளலாம்: நுண்ணுயிரியலில் பட்டம் பெற்று, ஊசிமருந்து தயாரிக்கும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் மூன்றாண்டுகள் பணிபுரிந்த ஒரு பெண், மதுரையிலுள்ள ஆரோலேப் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம்.

நம்பிக்கை: நிறுவனத்தைப் புகழ்ந்து எழுதினால் மதிப்புக் கூடும்.

"தங்களது எஸ்டீம்டு ஆர்கனைசேஷனில் பணிபுரிவது என் நெடுநாள் கனவு" என்பது இவ்வகை விடையின் முதல் வரியாகப் பல தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. இவ்வரியில் நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு ஒரு சிமென்ட் ஆலையின் பெயரையோ வங்கியின் பெயரையோ இட்டாலும் அது மாறாமல் நிற்கும். அவ்வாறு நிற்கும் எந்த வாக்கியமும் கேட்கப்பட்ட வினாவுக்கு விடையாகாது. நாள்தோறும் இத்தகைய மடல்களைப் படிக்கும் அலுவலர் அதைக் கண்ணால் கடந்துவிடுவாரேயன்றி அதற்காக மதிப்பெண் இடமாட்டார். பெயரை மாற்றிப் பார்க்கும் இச்சோதனையை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தனித்தனியே செய்து, தேறாததை நீக்கிவிட வேண்டும்.

நம்பிக்கை: நிறுவனத்தின் வரலாற்றை எடுத்துரைத்தால் அது குறிப்பான விடையாகிவிடும்.

புகழ்ச்சி பயனற்றது என்று உணர்ந்தவர்கள் அடுத்து விழும் குழி இதுவே. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பதும், கண்புரை அறுவையில் அகற்றப்படும் இயற்கை வில்லைக்கு மாற்றாகப் பொருத்தப்படும் கண்ணுள் வில்லையைக் குறைந்த விலையில் உள்நாட்டிலேயே தயாரிப்பதற்காக அம்மருத்துவமனையின் சார்பில் 1992-இல் ஆரோலேப் தொடங்கப்பட்டது என்பதும் உண்மைச் செய்திகள். ஆயினும் இவற்றை மின்னஞ்சலில் படிக்கப்போகிறவர் அந்நிறுவனத்திலேயே பணிபுரிகிறவர். அவருக்குத் தெரியாத ஒன்றே ஒன்று, இவ்விண்ணப்பதாரருக்கும் அங்குள்ள வேலைக்கும் என்ன தொடர்பு என்பதுதான். குறிப்பான விடை என்பது நிறுவனத்தைப் பற்றிய செய்தியன்று. நிறுவனத்தில் நடக்கும் ஒரு வேலைக்கும் விண்ணப்பதாரர் இதுவரை செய்த அல்லது செய்யாத ஒரு வேலைக்கும் இடையே அவர் காட்டும் இணைப்பு.

அவ்விணைப்பு எங்கே கிடைக்கும் என்பதை இப்பெண்ணின் பணியிலேயே காணலாம். ஊசிமருந்து ஆலையில் ஆட்டோகிளேவ் எனப்படும் அழுத்தக் கலனில் 121 பாகை செல்சியஸ் நீராவியால் கிருமிநீக்கம் செய்வர். வெப்பம் தாங்கும் பாக்டீரியா வித்துகள் ஏற்றிய தாள்கீற்றைக் கலனுக்குள் வைத்தெடுத்து, பின்னர் வளர்ப்பூடகத்தில் இட்டு, எதுவும் வளரவில்லை என்று உறுதிசெய்வது அவர் மூன்றாண்டுகள் செய்த வேலை. வித்துகள் ஏற்றிய அக்கீற்றுக்கு உயிரியல் குறிகாட்டி என்று பெயர். கண்ணுள் வில்லைகளுள் பிஎம்எம்ஏ என்னும் நெகிழியால் ஆனவை அவ்வெப்பத்தில் உருக்குலைந்துவிடும் என்பதால், அவற்றை எத்திலீன் ஆக்சைடு என்னும் வாயுவால் கிருமிநீக்கம் செய்வதும், பின்னர் அந்த நச்சுவாயுவின் எச்சம் வில்லையில் தங்காதபடி காற்றோட்டத்தில் வெளியேற்றுவதும் வழக்கம். இம்முறையையும் உயிரியல் குறிகாட்டி கொண்டே சோதிப்பர் ஆதலால், அவர் அறிந்த சோதனை முறையும் அவர் அறியாத கிருமிநீக்க முறையும் இந்த ஒரே வேலையில் சந்திக்கின்றன. ஏன் இங்கே வர விரும்புகிறார் என்பதற்கு இதைவிட உறுதியான காரணத்தை எந்த வரலாற்றுக் குறிப்பும் தராது.

நம்பிக்கை: உண்மையை எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுத வேண்டும், இல்லையேல் எதையும் எழுதக் கூடாது.

இப்பெண்ணின் பாட்டிக்கு, கண்ணுள் வில்லை எளிதில் கிட்டாத காலத்தில் புரை அகற்றப்பட்டு, எஞ்சிய வாழ்நாள் முழுதும் சோடாபுட்டிக் கண்ணாடி அணிய நேர்ந்தது என்று கொள்வோம். இது மெய்யானது, உருக்கமானது, வேறு எவரும் எழுத முடியாதது. பெயர் மாற்றும் சோதனையிலும் பெரும்பாலும் தேறிவிடும். இருந்தும், அது அவர் வில்லையின் அருமையை உணர்ந்ததற்குக் காரணமேயன்றிச் சோதனைக்கூடத்தில் அமரத் தகுந்தவர் என்பதற்குக் காரணமன்று. நான்கே வாக்கியங்களுள் ஒன்றை அதற்கு ஒதுக்கினால் வேலை பற்றிய வாக்கியம் ஒன்று வெளியே போய்விடும் என்பதால், அதை நேர்காணலுக்கு விட்டுவைப்பதே நல்லது.

மாறாக, பலர் மறைக்க வேண்டும் என்று எண்ணும் ஒரு காரணம் வெளிப்படையாக எழுதத் தக்கது. குடும்பம் மதுரையில் இருப்பதால் ஊர் திரும்ப விரும்புவதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. பயிற்சி முடிந்ததும் ஆள் விலகிப் போய்விடுவாரோ என்று கவலைப்படும் நிறுவனத்துக்கு அது பயனுள்ள செய்தி. ஆனால் அது இரண்டாம் காரணமாக, இறுதி வாக்கியத்தில் நிற்க வேண்டும். முதலில் நின்றால் ஊரே நோக்கம், வேலை ஒரு சாக்கு என்று படும். ஊதியம் தனியே பேசப்படும் பொருளாதலால், அதை இவ்விடையில் சேர்க்காதது பொய்யாகாது. பொய்யாவது, இல்லாத ஆர்வத்தை இருப்பதாக எழுதுவதே. நேர்காணலில் "அதில் எந்தப் பகுதி உங்களை ஈர்த்தது?" என்று கேட்கப்படும்போது விடை தடுமாறி அது வெளிப்பட்டுவிடும்.

இவற்றையெல்லாம் கணக்கிலெடுத்தால் விடை ஏறத்தாழ இவ்வாறு அமையும்:

"மூன்றாண்டுகள் ஊசிமருந்து ஆலையில், நீராவியால் கிருமிநீக்கம் செய்த தொகுதிகளை உயிரியல் குறிகாட்டி கொண்டு சோதித்திருக்கிறேன். வெப்பம் தாங்காத கண்ணுள் வில்லைகளை வாயுவால் கிருமிநீக்கம் செய்யும் முறையில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை; அதை முறையாகக் கற்று அதிலேயே தொடர விரும்புவதால் உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு விண்ணப்பித்தேன். குறைந்த விலையில் வில்லை தயாரிக்கும் இடத்தில், ஒரு தொகுதியை வெளியே அனுப்பலாமா என்று சோதனைக்கூடம் எவ்வாறு முடிவெடுக்கிறது என்பதை அறியவும் விரும்புகிறேன். என் குடும்பம் மதுரையில் இருப்பதால் நெடுங்காலம் இங்கேயே பணிபுரிய இயலும்."

"அனுபவம் இல்லை" என்ற சொற்களே இவ்விடையின் வலிமை எனலாம். தெரியாததை எல்லையிட்டுச் சொல்கிறவர் தெரிந்ததாகச் சொல்வதைப் படிப்பவர் நம்புகிறார். மேலும், கற்க வேண்டியது இங்கே இருக்கிறது என்பதே இங்கே வர விரும்புவதற்கான விளக்கமாகவும் ஆகிவிடுகிறது. விளம்பரத்தில் அம்முறையின் அனுபவம் கட்டாயத் தகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தால் இவ்வாக்கியம் விண்ணப்பத்தைக் காப்பாற்றாது. அதை மறைத்து எழுதுவதும் காப்பாற்றாது.

நம்பிக்கை: நீளமாக எழுதினால் ஆர்வம் தெரியும்.

கேட்கப்பட்டது சில வரிகள். அவற்றை மடலின் உடலிலேயே, வணக்கத்துக்கு அடுத்து எழுத வேண்டும். தனிக் கோப்பாக இணைத்தால் கைபேசியில் படிப்பவர் அதைத் திறக்காமலே விட்டுவிடக்கூடும்.

நிறுவனம் சிறியது, இணையதளம் ஒரே பக்கம், விளம்பரத்தில் பதவிப் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை என்றால் இணைப்பைக் கண்டறிய வழியிராது. அந்நிலையில் விடை எழுதுவதற்கு முன், அப்பதவியில் சேர்பவர் அன்றாடம் செய்யவேண்டிய பணிகள் எவை என்று அதே மின்னஞ்சலுக்கு மறுமொழியாக ஒரு வரியில் கேட்கலாம். கிடைக்கும் பதிலில் தமக்குப் பழக்கமான ஒரு பணியையும் புதிதான ஒரு பணியையும் எடுத்துக்கொண்டு எழுதலாம்.